உரையாடல் காட்சியில் கோடு தாண்டினால் என்ன ஆகும்? அனிமேஷனில் 180 டிகிரி விதி

கயல், மாறன் என்று இரண்டு பாத்திரங்கள் ஒரு மேசையின் இரு முனைகளில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். முதல் ஷாட்டில் கயல் திரையின் இடப்பக்கம் இருக்கிறாள், வலப்பக்கம் பார்க்கிறாள். மாறன் வலப்பக்கம் இருக்கிறான், இடப்பக்கம் பார்க்கிறான். அடுத்து கயலின் க்ளோஸ்-அப். அதில் அவள் இடப்பக்கம் பார்க்கிறாள். அதற்கடுத்து மாறனின் க்ளோஸ்-அப், அவனும் இடப்பக்கம் பார்க்கிறான். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எந்த ஓவியத்திலும் குறை இல்லை. உதட்டசைவும் குரலும் பொருந்தியிருக்கின்றன. ஆனால் வரிசையாக ஓட்டிப் பார்த்தால் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதாகவே தெரியாது. திரைக்கு வெளியே இடப்பக்கத்தில் யாரோ மூன்றாவது ஆள் நிற்பது போலவும், இருவரும் அவரிடம் பேசுவது போலவும் இருக்கும்.

இந்தக் குழப்பம் வராமல் தடுப்பதுதான் 180 டிகிரி விதி. நடிகர்களை வைத்து எடுக்கும் படங்களிலும் இதே விதிதான். ஆனால் அனிமேஷனில் இதை மீறினால் அடி பலமாக விழும். நிஜ இடத்தில் எடுத்த காட்சியில் சுவர், ஜன்னல், பின்னால் நடமாடும் ஆட்கள், முகத்தில் விழும் வெளிச்சம் என்று பார்வையாளருக்குத் துணை அடையாளங்கள் நிறைய கிடைக்கும். வரைந்த க்ளோஸ்-அப்பிலோ பின்னணி பெரும்பாலும் ஒரே நிறமாகவோ மங்கலாகவோ இருக்கும். அப்போது யார் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்வதற்கு மூக்கும் கருவிழியும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதைத் தவிர வேறு எதுவும் மிஞ்சாது.

கோடும் அரைவட்டமும்

காட்சியை மேலிருந்து பார்ப்பது போல ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். கயலுக்கு இடப்பக்கம் ஒரு வட்டம், மாறனுக்கு வலப்பக்கம் ஒரு வட்டம். இரண்டு தலைகளையும் இணைத்து ஒரு நேர்கோடு போட்டு, அதை இரு பக்கமும் தாளின் ஓரம் வரை நீட்டுங்கள். இதைத்தான் லைன் அல்லது ஆக்சிஸ் என்கிறார்கள். நாம் கோடு என்றே சொல்வோம். மேசை எப்படிக் கிடக்கிறது, அறை எந்த வடிவம் என்பதெல்லாம் இந்தக் கோட்டைத் தீர்மானிப்பதில்லை. யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது.

கோடு தாளை மேல்பாதி, கீழ்ப்பாதி என்று பிரித்துவிட்டது. முதல் ஷாட்டின் கேமரா கீழ்ப்பாதியில் இருந்தால் அடுத்து வரும் கேமராக்களும் கீழ்ப்பாதியிலேயே இருக்க வேண்டும். அந்த அரைவட்டத்துக்குள், அதாவது 180 டிகிரிக்குள், கேமரா எங்கே வேண்டுமானாலும் போகலாம். கிட்டே வரலாம், விலகலாம், தரையோடு படுக்கலாம், கூரைக்கு ஏறலாம். எங்கே போனாலும் கயல் வலப்பக்கம் பார்ப்பாள், மாறன் இடப்பக்கம் பார்ப்பான். பாத்திரம் திரையில் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்பதற்குத் திரைத் திசை என்று பெயர். விதி காப்பாற்றுவது இந்தத் திரைத் திசையைத்தான்.

கேமரா மேல்பாதிக்குப் போன அந்த நிமிடமே எல்லாம் தலைகீழ். கயல் நகரவே இல்லை, ஆனால் திரையில் அவள் இடப்பக்கம் பார்க்கிறாள். தொடக்கத்தில் சொன்ன தவறு நடந்தது இப்படித்தான். கயலின் க்ளோஸ்-அப்புக்கான கேமரா மட்டும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

இந்த விதியால் 2டி படத்துக்கு நேரடியான லாபம் ஒன்று உண்டு. எல்லா கேமராவும் கீழ்ப்பாதியில் இருந்து மேல்பக்கம் பார்ப்பதால் கீழ்ச் சுவர் திரையில் வரவே வராது. மேல் சுவரும், கயலுக்குப் பின்னால் இருக்கும் பக்கமும், மாறனுக்குப் பின்னால் இருக்கும் பக்கமும் என மூன்று பின்னணிகளை வைத்துக்கொண்டு ஒரு முழு உரையாடலை முடித்துவிடலாம். ஒரே ஒரு ஷாட்டுக்காகக் கோட்டைத் தாண்டினால் அதற்கென்று நான்காவது பின்னணி ஒன்றைப் புதிதாக வரைய வேண்டியிருக்கும்.

அளவு போட்டு ஒரு காட்சி

இப்போது அதே தாளில் அளவுகளை வைப்போம். மேசையின் நடுப்புள்ளி (0, 0). ஓர் அலகு ஒரு மீட்டர். கயல் (-1, 0), மாறன் (1, 0). மேல் சுவரில் ஒரு ஜன்னல், அதன் அருகே (0, 2). கேமராக்கள் எல்லாம் கீழ்ப்பாதியில் இருக்கின்றன, அதாவது அவற்றின் இரண்டாவது எண் எப்போதும் கழித்தல் குறியோடு வரும்.

முதல் ஷாட் இருவரையும் சேர்த்துக் காட்டும் வைட் ஷாட். கேமரா (0, -3). யார் எந்தப் பக்கம் என்பதைப் பார்வையாளர் மனதில் பதிய வைப்பது இந்த ஷாட்தான். இங்கே அவசரப்பட வேண்டாம். இருவரில் ஒருவராவது ஒரு வரி பேசி முடிக்கும் வரை இது நிற்கட்டும்.

இரண்டாவது ஷாட், மாறனின் தோளுக்குப் பின்னாலிருந்து கயலைப் பார்ப்பது. ஓவர் தி ஷோல்டர் என்பார்கள். கேமரா (2, -0.6). மாறனுக்குப் பின்னால் ஒரு மீட்டர், கோட்டிலிருந்து கீழே 60 சென்டிமீட்டர். இங்கிருந்து பார்த்தால் மாறனின் தலையும் தோளும் ஃபிரேமின் வலப்பக்கத்தில் பெரிதாகத் தெரியும். கயல் இடப்பக்கத்தில் நம்மை நோக்கி, ஆனால் பார்வை சற்று வலப்பக்கமாக இருப்பாள். வைட் ஷாட்டில் யார் எந்தப் பக்கமோ அதே பக்கம்தான் இங்கேயும்.

மூன்றாவது ஷாட், இதன் மறுபக்கம். கேமரா (-2, -0.6). கயலின் தோள் ஃபிரேமின் இடப்பக்கத்தில், மாறனின் முகம் வலப்பக்கத்தில்.

எந்தத் தோள் என்று இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். மாறன் தாளில் இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதால் கீழ்ப்பாதி அவனுடைய இடது கைப் பக்கம். ஆகவே இரண்டாவது ஷாட்டில் கேமரா அவனுடைய இடது தோளுக்கு மேலிருந்து பார்க்கிறது. கயல் வலப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதால் கீழ்ப்பாதி அவளுடைய வலது கைப் பக்கம். மூன்றாவது ஷாட்டில் கேமரா அவளுடைய வலது தோளுக்கு மேலிருந்து பார்க்கிறது. ஆக, சரியான ஜோடியில் ஒருவருக்கு இடது தோள் என்றால் மற்றவருக்கு வலது தோள். இரண்டிலும் வலது தோள், அல்லது இரண்டிலும் இடது தோள் வந்துவிட்டால் நடுவில் எங்கோ கோடு தாண்டியாகிவிட்டது. ஸ்டோரிபோர்டைப் புரட்டும்போதே பிடித்துவிடக்கூடிய தவறு இது. ஆனாலும் புதிதாக வரைபவர்களிடம் அதிகம் காண்பதும் இதுதான். முதல் ஷாட்டுக்கு மாறனின் இடது தோளை வரைந்தோம், அடுத்ததிலும் இடது தோளே இருந்தால்தான் ஒன்றுபோல இருக்கும் என்று கை தானாகப் போய்விடுகிறது. உண்மையில் இரண்டும் கண்ணாடி பிம்பம் போல எதிரெதிராக இருந்தால்தான் பொருந்தும்.

நான்காவது, ஐந்தாவது ஷாட்டுகள் தனித்தனி க்ளோஸ்-அப். கயலுக்கு (0.4, -0.8) என்ற இடத்திலிருந்து, மாறனுக்கு (-0.4, -0.8) என்ற இடத்திலிருந்து. இரண்டும் கோட்டோடு ஏறக்குறைய 30 டிகிரி கோணத்தில் இருக்கின்றன. கயலின் முகத்தை ஃபிரேமின் இடது மூன்றில் ஒரு பங்கில் வைத்து, அவள் பார்க்கும் வலப்பக்கத்தில் இடம் விடுங்கள். மாறனுக்கு நேரெதிர். அந்த வெற்றிடம் அடுத்தவர் அங்கே இருக்கிறார் என்று சொல்கிறது. முகத்தைச் சரியாக நடுவில் வைத்தால் தவறில்லை, ஆனால் திசை பலவீனமாகும்.

இரண்டு க்ளோஸ்-அப்புக்கும் கோணம் ஒன்றாக இருப்பது முக்கியம். கயலை 30 டிகிரியிலும் மாறனை 80 டிகிரியிலும் வைத்தால் கோடு தாண்டவில்லைதான். ஆனால் கயலின் முகம் ஏறக்குறைய முழுதாகத் தெரியும், மாறன் பக்கவாட்டு முகமாகிவிடுவான். ஒருவரோடு நாம் நெருங்கியிருக்கிறோம், மற்றவரை வேடிக்கை பார்க்கிறோம் என்று ஆகிவிடும். கதைக்கு அது தேவையென்றால் தாராளமாகச் செய்யலாம். மாடல் ஷீட்டில் மாறனுக்குப் பக்கவாட்டு முகம்தான் நன்றாக வந்திருக்கிறது என்பதற்காக மட்டும் அப்படிச் செய்தால் காட்சி ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

கருவிழி

முகம் சரியான பக்கம் திரும்பியிருந்தும் காட்சி ஒட்டாமல் போவதுண்டு. அப்போது கண்ணைப் பாருங்கள். முக்கால் முகமாக வலப்பக்கம் திரும்பிய கயலுக்குக் கருவிழிகளைக் கண்ணின் நட்டநடுவில் வைத்தால், அவள் மாறனைப் பார்க்கவில்லை, கேமராவுக்கு அருகே எங்கேயோ பார்க்கிறாள் என்றுதான் தோன்றும். கருவிழி தலை திரும்பியிருக்கும் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர வேண்டும். எவ்வளவு என்பது பாத்திரத்தின் கண் அளவைப் பொறுத்தது. பெரிய கண்களில் சின்ன நகர்வே போதும். கண்ணின் வெள்ளை ஒரு பக்கம் முழுக்க மறைந்துபோனால் ஓரக்கண்ணால் பார்ப்பது போல ஆகிவிடும், அதுவும் வேண்டாம்.

பேசும் நடுவே கயல் யோசிப்பதற்காக இடப்பக்கம் கீழே பார்ப்பது கோடு தாண்டுவது ஆகாது. தலை வலப்பக்கம் இருக்கும் வரை அதைப் பார்வையாளர் யோசனை என்றே எடுத்துக்கொள்வார். ஆனால் வெட்டு விழும் இடத்தில் கவனம் தேவை. கண் இடப்பக்கம் இருக்கும்போதே மாறனுக்கு வெட்டினால் அவள் எதைப் பார்த்தாள் என்ற கேள்வி அடுத்த ஷாட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால், கண் மறுபடி மாறன் பக்கம் வந்து ஆறு முதல் எட்டு ஃபிரேம் நின்ற பிறகு வெட்டுவது நல்லது.

உயரமும் உண்டு. மாறன் கயலைவிட உயரமானவன் என்றால் அவள் பார்வை மேலே ஏற வேண்டும், அவன் பார்வை இறங்க வேண்டும். இடவலம் சரியாக இருந்து உயரம் தவறினால், அவள் அவனுடைய சட்டைப் பொத்தானிடம் பேசுகிறாள்.

ஓவியத்தைத் திருப்பிப் போட்டால் போதாதா?

கோடு தாண்டிய ஷாட்டைக் கண்டுபிடித்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, ஃபிரேமை இடவலமாக ஃபிளிப் செய்துவிடுவது. கணினியில் ஒரே ஒரு சொடுக்கு. கயல் இப்போது வலப்பக்கம் பார்க்கிறாள், பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். சில ஷாட்டுகளுக்கு இது உண்மையிலேயே போதும். பாத்திரம் இடவலமாக ஒரே மாதிரி இருந்து, பின்னணி வெறும் நிறமாக இருந்தால் யாருக்கும் தெரியாது.

மற்ற நேரங்களில் இது வேறு நான்கு தவறுகளைக் கொண்டுவரும். கயலின் முடி வகிடு இடமிருந்து வலத்துக்கு மாறும். சட்டைப்பை, கைக்கடிகாரம், மச்சம், ஒற்றைத் தோளில் தொங்கும் பை, எல்லாமே பக்கம் மாறும். பின்னணியில் எழுத்து இருந்தால் அது கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். உடல் பாகங்களைத் தனித்தனியாக வரைந்து இணைத்து அசைக்கும் கட்-அவுட் முறையில் ரிக் செய்த பாத்திரங்களை வலமாகத் திருப்ப எதிர்க்குறி அளவைப் போட்டு ஃபிளிப் செய்வது வழக்கம், அங்கேயும் இதே சிக்கல்தான். அதனால்தான் உரையாடல் அதிகமுள்ள தொடர்களில் பாத்திர வடிவமைப்பிலேயே இடவல வேறுபாடுகளைக் குறைத்துவிடுகிறார்கள். வேறுபாடு இருந்தே ஆகவேண்டும் என்றால் வலப்பக்க ரிக், இடப்பக்க ரிக் என்று இரண்டாகச் செய்துகொள்ள வேண்டும்.

கை மாறுவது இன்னும் மோசம். கயலின் வலது கையில் கோப்பை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழ்ப்பாதி கேமராவிலிருந்து அவளுடைய க்ளோஸ்-அப்பில் வலது கை திரையின் இடப்பக்கம் வரும். கேமரா மேல்பாதிக்குப் போனாலும் அதே கை திரையின் இடப்பக்கம்தான் வரும், ஆனால் அவள் இடப்பக்கம் பார்ப்பாள். இதை ஃபிளிப் செய்தால் பார்வை வலப்பக்கம் வந்துவிடும், கோப்பையோ திரையின் வலப்பக்கம் போய் அவளுடைய இடது கையில் இருப்பது போல ஆகிவிடும். பார்வையை மட்டும் கவனித்தால் எல்லாம் சரி என்றே தெரியும். ஆனால் வரைந்திருப்பது மேல்பாதியிலிருந்து பார்த்த உடல். மேல்பாதிக்கு அருகில் இருப்பது இடது தோள், இடது பக்கத்து வகிடு, இடது பக்கத்து உடை. அதெல்லாம் இப்போது வலது பக்கமாக நடித்துக்கொண்டிருக்கிறது. முந்தைய ஷாட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். நம் காட்சியில் ஜன்னல் மேல் சுவரில் இருக்கிறது, கேமராக்கள் கீழே இருக்கின்றன. ஆகவே கயலின் க்ளோஸ்-அப்பில் வெளிச்சம் அவள் முகத்தின் திரை-வலப்பக்க ஓரத்தில் விழும். மாறனின் க்ளோஸ்-அப்பில் திரை-இடப்பக்க ஓரத்தில் விழும். ஒருவரைக் காட்டிலும் மற்றவருக்கு வெளிச்சம் பக்கம் மாறுகிறதே என்று பயந்து இருவருக்கும் ஒரே பக்கத்தில் நிழல் போட்டுவிடுகிறார்கள் பலர். அது தவறு. மேல்பாதியிலிருந்து வரைந்த ஷாட்டில் வெளிச்சம் கேமரா பக்கத்திலிருந்து முகத்தின் மேல் நேராக விழுந்திருக்கும். அதை எத்தனை முறை ஃபிளிப் செய்தாலும் ஓர வெளிச்சம் வராது.

எனவே ஸ்டோரிபோர்டு படங்களை வரிசையாக ஓட்டிப் பார்க்கும் அனிமேட்டிக் நிலையில் என்றால் ஷாட்டைச் சரியான பக்கத்திலிருந்து மறுபடி வரைந்துவிடுவதே குறைந்த செலவு. வண்ணம் போட்டு முடித்த பிறகு கண்டுபிடித்தால் மட்டும் ஃபிளிப்பை முயலுங்கள். அப்போதும் வகிடு, பை, நிழல் மூன்றையும் கையால் திருத்தத் தயாராக இருங்கள்.

பாத்திரம் எழுந்து நடந்தால் கோடும் கூடவே போகும்

கோடு அறையில் வரைந்து வைத்த கோடு இல்லை. அது இரண்டு தலைகளுக்கு நடுவே கட்டிய கயிறு. ஒரு தலை நகர்ந்தால் கயிறும் திரும்பும். புதிதாகக் கற்பவர்கள் கேமராவை மட்டும் கண்காணித்துவிட்டு இதைக் கோட்டை விடுகிறார்கள்.

நம் காட்சியில் கயல் கோபமாக எழுந்து ஜன்னலுக்குப் போகிறாள். (-1, 0) இல் இருந்தவள் இப்போது (0, 2). மாறன் நாற்காலியில் இருந்தபடியே அவளைத் திரும்பிப் பார்க்கிறான். பழைய கோடு படுக்கையாக இருந்தது. புதிய கோடு ஜன்னலிலிருந்து மாறன் வரை சாய்வாக இறங்குகிறது. இப்போது மாறனின் தோளுக்குப் பின்னால் ஏற்கெனவே வைத்திருந்த கேமராவை, (2, -0.6), அப்படியே கயல் பக்கம் திருப்பினால் என்ன ஆகும்? மாறன் ஃபிரேமின் இடப்பக்கம் வந்துவிடுவான், கயல் வலப்பக்கம் போய்விடுவாள். இருந்த இடத்திலிருந்து கேமரா ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கோடு திரும்பியதால் கேமரா அந்தப் பக்கம் ஆகிவிட்டது.

இதற்கு இரண்டு படிகள். முதலில் கயல் நடப்பதை வெட்டாமல் காட்ட வேண்டும். வைட் ஷாட்டின் (0, -3) கேமரா இதற்குப் பொருத்தம். அவள் எழுந்து, ஜன்னலுக்குப் போய், திரும்பி மாறனைப் பார்க்கும் வரை அது நிற்கட்டும். புதிய கோட்டைப் பார்வையாளர் கண்ணெதிரே பார்த்துவிட்டார். அந்த கேமராவிலிருந்து கயல் இன்னும் மாறனுக்கு இடப்பக்கம்தான் தெரிகிறாள், ஆகவே பழைய இடவலமும் கெடவில்லை. பிறகு தோள் ஷாட்டுக்குக் கேமராவை (1, -1.25) க்குக் கொண்டுவாருங்கள், அதாவது தாளில் மாறனுக்கு நேர் கீழே. மறுபடியும் அவனுடைய இடது தோள், மறுபடியும் மாறன் வலப்பக்கம், கயல் இடப்பக்கம்.

அவள் நடந்ததைக் காட்டாமல், உட்கார்ந்திருந்த க்ளோஸ்-அப்பிலிருந்து ஜன்னலருகே நிற்கும் க்ளோஸ்-அப்புக்கு நேரே வெட்டினால் பார்வையாளருக்குப் பழைய கோடுதான் நினைவில் இருக்கும். நீங்கள் புதிய கோட்டுக்கு எவ்வளவு சரியாகக் கேமரா வைத்தாலும் பலன் இல்லை.

3டியில் எண்ணை வைத்துச் சோதிப்பது

3டி மென்பொருளில் கேமராவை எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போகலாம் என்பதால் கோடு தாண்டுவது மிக எளிது. வியூபோர்ட்டில் சுழற்றிக்கொண்டே அழகான கோணம் தேடும்போது எந்தப் பாதியில் இருக்கிறோம் என்பது மறந்துபோகும். மேலிருந்து பார்க்கும் டாப் வியூ ஒன்றை எப்போதும் பக்கத்தில் திறந்து வையுங்கள். பிளெண்டர் பயன்படுத்துபவர்கள் இரண்டு பாத்திரங்களின் தலை இருக்கும் இடத்திலும் ஓர் எம்ப்டி வைத்து, அவற்றுக்கு `Head_A`, `Head_B` என்று பெயரிட்டு, கீழே உள்ளதை ஓட்டிப் பார்க்கலாம்:

```python
import bpy

a = bpy.data.objects["Head_A"].matrix_world.translation
b = bpy.data.objects["Head_B"].matrix_world.translation

for c in bpy.data.objects:
    if c.type == 'CAMERA':
        p = c.matrix_world.translation
        s = (b.x-a.x)*(p.y-a.y) - (b.y-a.y)*(p.x-a.x)
        print(c.name, round(s, 2))
```

ஒவ்வொரு கேமராவுக்கும் ஓர் எண் வரும். எண்ணின் அளவைவிடக் குறிதான் முக்கியம். எல்லாம் கழித்தல், அல்லது எல்லாம் கூட்டல் என்றால் எல்லா கேமராவும் ஒரே பக்கம். ஒன்று மட்டும் குறி மாறியிருந்தால் அது தாண்டிவிட்டது. சுழிக்கு மிக அருகில் இருந்தால் கேமரா கோட்டின் மேலேயே இருக்கிறது. கயலை `Head_A`, மாறனை `Head_B` என்று வைத்தால், இருவரும் உட்கார்ந்திருக்கும்போது மாறனின் தோள் கேமராவுக்கு -1.2 வரும். கயல் ஜன்னலருகே நிற்கும் ஃபிரேமில் அதே கேமராவுக்கு 1.4 வரும். நாம் கண்ணால் பார்த்த அந்தத் திருப்பம் இங்கே குறியாகத் தெரிகிறது. பாத்திரம் நகரும் காட்சியில் ஒரே ஃபிரேமில் ஓட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியடையக் கூடாது. அந்தந்த ஷாட் நடக்கும் ஃபிரேமுக்குப் போய், அந்த ஷாட்டின் கேமராவுக்கு வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். எம்ப்டிகள் தலை எலும்போடு இணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாத்திரம் நடந்துபோன பிறகும் அவை நாற்காலியிலேயே இருக்கும்.

2டியில் இதற்கு ஈடான சோதனை அம்புக்குறி. ஸ்டோரிபோர்டு படங்கள் ஒவ்வொன்றின் கீழும் பாத்திரம் பார்க்கும் திசையில் ஓர் அம்பு போட்டு, அதன் மேல் பெயரின் முதலெழுத்தை எழுதுங்கள். பிறகு ஓவியங்களை மறைத்துவிட்டு அம்புகளை மட்டும் படியுங்கள். க வலப்பக்கம், மா இடப்பக்கம், க வலப்பக்கம் என்று போக வேண்டும். ஏதாவது ஓர் இடத்தில் க இடப்பக்கம் திரும்பினால், அதற்கு முந்தைய படத்தில் அதற்கான காரணம் திரையில் தெரிகிறதா என்று பாருங்கள். வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு ஷாட் வரையும் வேலையில் இந்த அம்புகளை அழிக்காமலே லேஅவுட்டுக்கு அனுப்புங்கள். குறிப்பு எழுதும்போது வெறுமனே இடப்பக்கம் என்று எழுதாமல் திரை-இடம் அல்லது கயலின் இடது என்று தெளிவாக எழுதுங்கள்.

தாண்டியே ஆக வேண்டும் என்றால்

சில காட்சிகளில் அந்தப் பக்கம் போக நியாயமான காரணம் இருக்கும். மேல்பாதியிலிருந்து பார்த்தால்தான் கதவு தெரியும், அந்தக் கதவு வழியாக ஒருவர் வரப்போகிறார் என்று வையுங்கள். வெட்டாமல் கேமராவைக் கோட்டைச் சுற்றி நகர்த்திக்கொண்டு போவது மிகத் தெளிவான வழி. 3டியில் இது சுலபம். 2டியில் பின்னணி முழுவதும் சுழல வேண்டியிருப்பதால் வேலை பல மடங்காகும், அந்த அளவு முக்கியமான தருணமா என்று யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

செலவு குறைந்த வழி, கோட்டின் மேலேயே ஒரு ஷாட் வைப்பது. கயலின் தலைக்கு நேர் பின்னாலிருந்து, அல்லது மாறனின் முகத்துக்கு நேர் எதிரே. இந்த ஷாட்டுக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. அதற்கு அடுத்து எந்தப் பாதிக்குப் போனாலும் கண் ஏற்றுக்கொள்ளும். இதற்கான முகத்தைச் சமச்சீராக, நேரே வரைய வேண்டும். மூக்கு கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்தாலும் அது நடுநிலை ஷாட் இல்லை.

கோப்பை, கை, கடிகாரம் என்று ஏதாவது ஒரு பொருளின் நெருக்கமான ஷாட்டை நடுவில் போட்டுத் தாண்டுவதும் உண்டு. இதை மட்டும் நம்பினால் போதாது. பார்வையாளர் ஒரு கணம் கவனம் மாறினாரே தவிர, யார் எங்கே இருந்தார்கள் என்பதை மறந்துவிடவில்லை. பொருள் ஷாட்டுக்கு அடுத்து உடனே புதிய பக்கத்திலிருந்து இருவரையும் காட்டும் வைட் ஷாட் ஒன்று வந்தால்தான் புதிய இடவலம் பதியும்.

அதிர்ச்சிக்காக வேண்டுமென்றே நேரே வெட்டித் தாண்டுவதும் ஒரு முறைதான். கயலுக்கு உண்மை தெரியும் அந்த வரியில் இடவலம் புரண்டால் அவளுடைய தடுமாற்றம் நமக்கும் வரும். அதற்கு முன்னால் வந்த அத்தனை ஷாட்டும் கோட்டுக்குள் இருந்திருந்தால் மட்டுமே இது வேலை செய்யும். ஏற்கெனவே இரண்டு முறை தவறிப்போய்த் தாண்டியிருந்தால் மூன்றாவது முறை நீங்கள் நினைத்துச் செய்தது யாருக்கும் புரியாது.

மூன்று பேரும் தொலைபேசியும்

மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்தால் ஒரு கோடு மூன்று கோடுகளாகும், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முயல வேண்டாம். அப்போது யார் யாரிடம் பேசுகிறார்களோ அந்தக் கோடுதான் நடப்பில் உள்ளது. கயல் மாறனிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் புதியவரிடம் திரும்புகிறாள் என்றால், அவள் தலை திரும்புவதை ஷாட்டுக்குள்ளேயே காட்டுங்கள். அந்தத் திருப்பம்தான் பழைய கோட்டிலிருந்து புதிய கோட்டுக்குக் கொண்டுபோகும். தொடங்கும்போது எளிதாக இருக்க, மூவரையும் மேசையின் ஒரே பக்கத்திலிருந்து பார்க்கும்படி வைத்து, வைட் ஷாட்டில் இடமிருந்து வலமாக யார் யார் என்ற வரிசையை எந்த ஷாட்டிலும் மாற்றாமல் போனாலே முக்கால்வாசி சிக்கல் தீர்ந்துவிடும்.

தொலைபேசி உரையாடலில் இருவரும் வேறு வேறு ஊரில்கூட இருக்கலாம், நடுவே நிஜமான கோடு எதுவும் இல்லை. ஆனாலும் கயலை வலப்பக்கம் பார்க்க வையுங்கள், மாறனை இடப்பக்கம் பார்க்க வையுங்கள். மாறி மாறி வெட்டும்போது அவர்கள் எதிரெதிரே இருப்பது போலத் தோன்றும். கயல் அறைக்குள் நடந்துகொண்டே பேசினால் இந்தத் திசை அடிக்கடி மாறும். மாறுவது பரவாயில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்பாக அவளைத் திரும்பவும் வலப்பக்கம் பார்க்க வைத்துவிட்டு, அங்கிருந்து மாறனுக்குப் போங்கள்.